காசு ஓடர், பிழையான மெப் பின், மூடின அக்கவுண்ட்: யாரிட்டப் போய்க் கேக்கிற?

மஞ்சந்தொடுவாய்_01 · ஞாயிறு காலை 8.15

சின்னம்மாட மகனுக்காகக் கேக்கிறன். பைக்கில சாப்பாடு டெலிவரி ஓடுறான், ரெண்டு கிழமை ஆகுது. வெள்ளி இரவு காத்தான்குடி ஹோட்டல் ஒண்டில இருந்து ரூ. 4,350 காசு ஓடர். மெப்பில லொக்கேஷன் பின் புளியந்தீவைக் காட்டியிருக்கு. அங்க போனா ஆள் இல்ல. கோல் எடுத்தா "நான் கல்லடியில, 3ஆம் குறுக்கு, குறிப்பில போட்டிருக்கனே" எண்டு கஸ்டமர் சொல்லியிருக்கார். கல்லடியைத் தாண்டித்தான் புளியந்தீவுக்கே போனவன், திரும்பவும் பாலம் ஏறி வந்தான். 3ஆம் குறுக்கில நிண்டு மூண்டு தரம் எடுத்தும் ஆள் தூக்கவே இல்ல. கடைசியில கென்சல் பண்ணிட்டான்.

சனி காலையில பார்த்தா வொலட்டில புதுசா மைனஸ் 4,350 விழுந்திருக்கு. ரேட்டிங் 4.69. ஓன்லைன் போக ஏலாது. சப்போர்ட்டுக்கு எழுதினா ரெண்டு நிமிசத்தில பதில் வருது: "உங்கள் முறைப்பாடு பரிசீலிக்கப்பட்டது, முடிவில் மாற்றமில்லை." அஞ்சு தரம் எழுதிட்டான், அஞ்சுக்கும் அதே வசனம். மட்டக்களப்பில போய்க் கேக்க ஒரு ஒபிஸும் இல்ல. என்ன செய்யலாம்?

பார்வையாளன் · ஞாயிறு காலை 8.40

ஒண்டும் செய்ய ஏலாது. மெசின் சொன்னா சொன்னதுதான். வேற வேலை பாக்கச் சொல்லுங்க.

காத்தான்குடி_பைக் · ஞாயிறு காலை 9.05

காக்கா, சுகமான வழி இரிக்கி. வீட்டில வேற ஆள்ட ஐடியில புது அக்கவுண்ட் எடுங்க. போனை ரீசெட் பண்ணிட்டுப் போட்டா பழையது தெரியாது. எங்கட பக்கம் ரெண்டு மூணு பேர் அப்படித்தான் ஓடுறாங்க. கென்சல் பண்ணினது மட்டும்தான் அவன்ட பிழை. கடைசி வரைக்கும் கென்சல் அமத்தக் கூடாது. டெலிவரி குடுத்த எண்டு அமத்திட்டுப் பிறகு பேசிக் கொள்ளலாம்.

வாவிக்கரை · ஞாயிறு காலை 10.20

மேல சொன்ன ரெண்டையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். புது அக்கவுண்டைப் போனை வைத்து மட்டும் பிடிப்பதில்லை. பைக் இலக்கம், காசு போகும் வங்கிக் கணக்கு, வேலை தொடங்கும்போது கேட்கும் செல்ஃபி, இந்த மூன்றில் ஒன்று பழையதோடு பொருந்தினாலே போதும், இரண்டு அக்கவுண்டும் சேர்ந்து போகும். அதற்குப் பிறகு அப்பீல் என்ற பேச்சே இல்லை. கொடுக்காத ஓடரைக் கொடுத்ததாக அமத்துவது இன்னும் மோசம். இப்போது அவனில் இருப்பது "கென்சல் பண்ணினான்" என்ற பதிவு. அப்படி அமத்தியிருந்தால் அது "காசை எடுத்தான்" என்று மாறியிருக்கும். காத்தான்குடி_பைக் சொன்னதில் ஒரு பாதி சரி, கென்சலை அவசரப்பட்டு அமத்தக் கூடாது. ஏன் என்று கீழே வருகிறேன்.

மஞ்சந்தொடுவாய், உங்கட தம்பியின் விஷயத்தில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன. காசு ஒன்று, கென்சல் பதிவு ஒன்று, ஸ்டார் ஒன்று. மூன்றையும் ஒரே மெசேஜில் கொட்டினால் சப்போர்ட் ஆள் எதையாவது ஒன்றைப் பிடித்துப் பதில் சொல்லி மூடிவிடுவார். பிரித்துப் பார்க்க எனக்கு நாலு விஷயம் தெரிய வேண்டும்.

புளியந்தீவில் நின்றபோது "வந்துவிட்டேன்" பட்டனை அமத்தினானா? கோல் எல்லாம் ஆப்புக்குள்ளால் எடுத்ததா, சொந்த சிம்மில் எடுத்ததா? கென்சல் அமத்தும்போது எந்தக் காரணத்தைத் தெரிவு செய்தான்? சாப்பாடு இப்போது எங்கே?

சாய்ந்தமருது_கிச்சன் · ஞாயிறு காலை 11.02

ஹோட்டல்காரருக்கும் இதே பிரச்சினைதான். ஒருத்தர் கறி உறைப்பு எண்டு ஒரு ஸ்டார் போட்டா எங்கட கடை லிஸ்ட்ல கீழ போயிருது. மெனுவில உறைப்பு அளவு போடுங்க, படம் மாத்துங்க, ரேட்டிங் கூடும்.

மஞ்சந்தொடுவாய்_01 · ஞாயிறு பகல் 12.30

@சாய்ந்தமருது_கிச்சன் நான் கேட்டது ரைடர்ட கதை, ஆனா நன்றி.

@வாவிக்கரை அவனைப் பக்கத்தில வெச்சுக் கேட்டு எழுதுறன். ஹோட்டலில சாப்பாடு எடுத்தது 7.42. புளியந்தீவு 7.58. ஆள் இல்லாததால "வந்துவிட்டேன்" அமத்தல்ல. 7.59க்கு கஸ்டமர் கதைச்ச கோல் சொந்த சிம். கல்லடி 3ஆம் குறுக்குக்கு வந்தது 8.11. அங்க பட்டனை அமத்தினா "நீங்கள் டெலிவரி இடத்துக்கு அருகில் இல்லை" எண்டு வந்திருக்கு. 8.12, 8.15, 8.19 மூண்டு கோலும் சொந்த சிம்தான். 8.20க்கு கென்சல். காரணம் எண்டு வந்த லிஸ்ட்டில முதலாவதா இருந்த "என்னால் டெலிவரி செய்ய முடியவில்லை" எண்டதை அமத்தியிருக்கான்.

சாப்பாடு... ஹோட்டல் மூடியிருக்கும் எண்டு நினைச்சு வீட்ட கொண்டு போயிட்டான்.

வாவிக்கரை · ஞாயிறு பிற்பகல் 2.10

இப்ப விஷயம் துலங்குது.

"வந்துவிட்டேன்" பட்டன் பின்னைச் சுற்றிய ஒரு சின்ன வட்டத்துக்குள் நின்றால்தான் வேலை செய்யும். அதை அமத்தின பிறகுதான் காத்திருப்பு நேரம் ஓடத் தொடங்கும். பொதுவாக அது 5 முதல் 10 நிமிடம். அந்த நேரம் முடிந்த பிறகுதான் கென்சல் லிஸ்ட்டில் "கஸ்டமரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்ற வரி வெளிச்சமாகும். அதுவரை அந்த வரி சாம்பல் நிறத்தில் இருக்கும், அல்லது லிஸ்ட்டிலேயே இருக்காது. தம்பி பின் இருந்த இடத்தில் அமத்தவில்லை. அமத்திய இடத்தில் பின் இல்லை. ஆகவே ஆப்பின் கணக்கில் அவன் எங்கேயும் போய்ச் சேரவே இல்லை, யாருக்காகவும் காத்திருக்கவும் இல்லை. சொந்த சிம்மில் எடுத்த நாலு கோலும் அவங்கட பக்கம் பதியாது. அவங்களுக்குத் தெரிவது ஒன்றுதான்: 7.42க்குச் சாப்பாட்டை எடுத்தவன் 8.20க்கு "என்னால் முடியாது" என்று சொல்லிவிட்டான்.

அவன் செய்திருக்க வேண்டியது இது. 7.58க்கு, ஆள் இல்லை என்று தெரிந்தாலும், புளியந்தீவிலேயே பட்டனை அமத்த வேண்டும். பிறகு ஆப்புக்குள்ளால் கோல். கஸ்டமர் கல்லடி என்று சொன்னால், பைக்கைத் திருப்புவதற்கு முன் ஆப்பின் சட்டில் ஒரு வரி: "பின் புளியந்தீவைக் காட்டுகிறது. நீங்கள் சொல்வது கல்லடி 3ஆம் குறுக்கு. ஆப்பில் முகவரியை மாற்றுங்கள்." கஸ்டமர் மாற்றினால் வட்டமும் கல்லடிக்கு நகரும், கூடுதல் தூரத்துக்கும் கணக்கு வரும். மாற்றாமல் "வாங்க வாங்க" என்றால் சப்போர்ட்டுக்கு அங்கிருந்தே எழுதி, அவங்க பதில் வந்த பிறகு நகர வேண்டும். பொறுமை இல்லாத கஸ்டமர் ஏசத்தான் செய்வார். அந்த ஏச்சுக்கு ஒரு ஸ்டார் விழலாம், ஆனால் 4,350 விழாது.

இந்தப் பின் குழப்பம் நம்ம ஊரில் ஏன் இவ்வளவு வருகிறது என்றால், ஆள் டவுனில் வேலையிடத்தில் இருந்து ஓடர் போடுவார். போன் அந்த இடத்தையே பின்னாக வைத்துக்கொள்ளும். வீட்டு முகவரியை அவர் குறிப்பில் தட்டிவிடுவார். போதாததற்கு "3ஆம் குறுக்கு" என்ற பெயர் கல்லடியிலும் உண்டு, வேறு எத்தனை இடத்திலும் உண்டு. ஆகவே ஓடரை எடுத்தவுடன், ஹோட்டல் வாசலில் நிற்கும்போதே, பின்னையும் குறிப்பையும் ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வாவியின் வேறு வேறு கரையில் கிடந்தால் அங்கேயே சட்டில் கேட்டுவிடலாம்.

கல்முனை_ஓட்டோ · ஞாயிறு பிற்பகல் 3.25

ஹயர் ஓடுற எங்களுக்கும் இதே வட்டம்தான். பள்ளி வாசலில பின்னைப் போட்டுட்டு ஆள் மறுபக்கத் தெருவில நிப்பார். நான் அங்க போய் ஏத்தினா "வந்துவிட்டேன்" வேலை செய்யாது, காத்திருப்புக் காசும் வராது. போன மாசம் இப்படி ரெண்டு தரம் வந்து எனக்கு ஸ்டார் 4.5க்கு இறங்கிப் போச்சு. அதுக்கு யாராவது வழி சொல்லுங்க.

வாவிக்கரை · ஞாயிறு பிற்பகல் 4.00

@கல்முனை_ஓட்டோ காத்திருப்புக் காசுக்கு வழி ஒன்றுதான், முதலில் பின் இருக்கும் இடத்துக்குப் போய் அமத்தி, பிறகு ஆளிடம் போவது. ஸ்டார் பற்றி எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் தம்பியின் 4.69ஐ வைத்தும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள்.

முதலில் ஒன்று. கென்சலான ஓடருக்குப் பெரும்பாலான ஆப்களில் கஸ்டமரால் ஸ்டார் போட முடியாது. ஆகவே தம்பியை 4.69க்கு இறக்கிய ஒரு ஸ்டார் வெள்ளிக்கிழமைக் கஸ்டமர் போட்டதாக இருக்காது, வேறு ஓடரிலிருந்து வந்தது. மஞ்சந்தொடுவாய், அவனுக்கு இதுவரை ஸ்டார் போட்டவர்கள் 13 பேர்தானே? 12 பேர் ஐந்து ஸ்டார், ஒருவர் ஒரு ஸ்டார். 60 உம் 1 உம் 61, அதை 13 ஆல் பிரித்தால் 4.69. கணக்குச் சரியாகப் பொருந்துகிறது.

இது ஏற எவ்வளவு நாள் எடுக்கும்? அடுத்து வரும் 7 பேர் ஐந்து போட்டால் 20 பேருக்கு 96, அதாவது 4.8. நாலு கஸ்டமரில் ஒருவர்தான் ஸ்டார் போடுவார் என்று வைத்தால் 28 டெலிவரி. ஒரு நாளைக்கு 9 ஓடினால் மூன்று நாள் கொஞ்சம். ஒரு ஸ்டாருக்காக சப்போர்ட்டோடு மல்லுக்கட்டும் நேரத்தில் ஓடியே எடுத்துவிடலாம்.

பழைய ரைடருக்குக் கதை வேறு. பல ஆப்கள் கடைசி 100 ஸ்டாரின் சராசரியைத்தான் காட்டும். அப்போது ஒரு ஸ்டார் விழுந்தால் 4.86 இருந்தவர் 4.82 ஆவார், பெரிய இறக்கம் இல்லை. ஆனால் அது பட்டியலின் வாலில் இருந்து விழ இன்னும் 100 பேர் ஸ்டார் போட வேண்டும். அதே நாலில் ஒன்று கணக்கில் 400 டெலிவரி. கொழும்பில் நாளைக்கு 25 ஓடுபவருக்கு 16 நாள். நம்ம பக்கம் 9 ஓடுபவருக்கு 44 நாள். விதி ஒன்றுதான், ஓடர் குறைந்த ஊரில் தண்டனை மட்டும் நீளும். கென்சல் வீதமும் அப்படியே. கிழமைக்கு 140 ஓடரில் 4 கென்சல் என்றால் 97 வீதம் முடித்திருக்கிறார். 40 ஓடரில் அதே 4 என்றால் 90. ஆப்பில் எல்லை 90 என்று வைத்திருந்தால் நம்ம ஆள் விளிம்பில் நிற்பார். "ஊருக்கு ஏற்ற மாதிரி எல்லையை வையுங்கள்" என்பதை ரைடர்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. தனி ஆள் டிக்கெட்டில் கேட்டு நடக்காது.

காத்தான்குடி_பைக் · ஞாயிறு மாலை 5.15

சரி காக்கா, அப்ப அக்கவுண்ட் ஏன் மூடின? 4.69க்கு மூட மாட்டாங்களே.

வாவிக்கரை · ஞாயிறு மாலை 5.50

நல்ல கேள்வி. மூடினது என்று எல்லாரும் சொல்வது மூன்று வேறு பூட்டு. உள்ளே லொகின் ஆகிறது, வருமானப் பக்கம் தெரிகிறது, ஓன்லைன் பட்டன் மட்டும் சாம்பலாகக் கிடக்கிறது, பக்கத்தில் காசு கட்டும் பட்டன் வந்திருக்கிறது என்றால் அது காசு எல்லைப் பூட்டு. காசு ஓடரில் நம்ம கையில் இருப்பதாக ஆப் நினைக்கும் தொகை ஒரு எல்லையைத் தாண்டினால் தானாக விழும், கட்டினால் தானாகத் திறக்கும். வாகன வருமான அனுமதிப்பத்திரமோ இன்சூரன்ஸோ திகதி முடிந்தால் ஆவணப் பக்கத்தில் சிவப்பு அடையாளம் வரும், அது இரண்டாவது. லொகினே ஆகாது, அல்லது உள்ளே போனாலும் ஒரே ஒரு அறிவித்தல் மட்டும் நிற்கிறது என்றால்தான் உண்மையான மூடல்.

தம்பியுடையது முதலாவதாக இருக்க வேண்டும். 4,350 அவன் வசூலித்த காசு என்று ஆப் எழுதி வைத்திருக்கிறது. ஏற்கெனவே கட்டாத காசு கொஞ்சம் இருந்திருக்கும், இதோடு சேர்ந்து எல்லையைத் தாண்டியிருக்கும். ஸ்க்ரீனைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மஞ்சந்தொடுவாய்_01 · ஞாயிறு மாலை 6.40

ஓம், லொகின் ஆகுது. காசு கட்டுற பட்டன் நிக்குது. கட்டாத பழைய காசு 2,900 இருந்திருக்கு. மொத்தம் 7,250 காட்டுது. அப்ப இதைக் கட்டினா திறக்குமா? கட்டினா பிழையை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா?

பார்வையாளன் · ஞாயிறு மாலை 7.05

கட்டக் கூடாது. கட்டினா அந்தக் காசை ஆயுசுக்கும் பாக்க மாட்டிங்க.

வாவிக்கரை · ஞாயிறு இரவு 8.30

2,900 அவன் கையில் உள்ள உண்மையான காசு. அதை இன்றைக்கே கட்டட்டும், அதில் வாதம் இல்லை. மிச்சம் 4,350, அது எல்லைக்குள் வருமானால் பூட்டு தானாகத் திறந்தும்விடும். திறக்காவிட்டால், கட்டுவதற்கு முன் டிக்கெட்டில் "இந்தத் தொகையை நான் வசூலிக்கவில்லை. வேலை நிற்பதால் ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று எழுதி, அந்த ஸ்க்ரீனை நேரம் தெரிய எடுத்துக்கொண்டு கட்டலாம். பார்வையாளன் சொல்வதும் வெறும் பேச்சு இல்லை, கட்டின காசு திரும்பி வருவது கஷ்டம். ஒரு நாளைக்கு எவ்வளவு உழைப்பான், எத்தனை நாள் நிற்கத் தாங்கும் என்று பார்த்து அவன்தான் முடிவெடுக்க வேண்டும்.

வெளிப்படையாக ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சாப்பாடு வீட்டுக்குப் போனது இந்த 4,350இல் அவன் பக்கத்தைப் பலவீனமாக்கிவிட்டது. ஹோட்டலுக்குத் திருப்பிக் கொண்டுபோய், பில்லின் பின்பக்கம் "திரும்பப் பெற்றேன்" என்று நேரத்தோடு கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்கியிருந்தால் அது ஒன்றே போதும். ஹோட்டல் பூட்டியிருந்தால் பூட்டிய கதவோடு ஒரு போட்டோ. ஆப்பில் "சாப்பாட்டை என்ன செய்வது" என்று கேட்டு, பதில் வரும்வரை பையைத் திறக்காமல் வைத்திருப்பதும் ஒரு வழி. இப்போது அவனிடம் அது எதுவும் இல்லை. ஆகவே அப்பீலில் காசை முதலில் வைக்க வேண்டாம். கென்சல் காரணத்தை முதலில் வையுங்கள்.

ஏனென்றால் முதல் வரிசையில் இருக்கும் சப்போர்ட் ஆளால் அக்கவுண்டைத் திறக்க முடியாது, பெரிய தொகையும் திருப்ப முடியாது. அது வேறு பிரிவு. அவரால் பொதுவாகச் செய்யக்கூடியது ஓடரின் காரணத்தை மாற்றுவது, அல்லது மேலே அனுப்புவது. அவரால் முடிந்ததைக் கேட்டால் மூடாமல் வாசிப்பார். காரணம் "கஸ்டமர் கிடைக்கவில்லை" என்று மாறினால் கென்சல் வீதம் சரியாகும், காசு வாதத்துக்கும் அதுவே அடித்தளம். அந்த அஞ்சு டிக்கெட்டுக்கும் ரெண்டு நிமிடத்தில் வந்த ஒரே வசனம் ஆள் வாசித்த பதில் இல்லை. புதிது புதிதாகத் திறந்தால் பழையதோடு இணைத்து மூடிவிடும். முதலாவது டிக்கெட்டுக்குள்ளேயே பதில் போட்டு அதைத் திரும்பத் திறக்க வேண்டும்.

எழுதும்போது "நான் ஏழைக் குடும்பம்" எல்லாம் வேண்டாம். இப்படி இருக்கட்டும்:

"ஓடர் இலக்கம் இது. பின் புளியந்தீவு. குறிப்பில் கல்லடி 3ஆம் குறுக்கு. 7.58க்கு, மெப் பின் காட்டிய இடத்தில் நின்றேன், உங்கள் ஜிபிஎஸ் பதிவில் பாருங்கள். 7.59க்கு கஸ்டமர் கல்லடிக்கு வரச் சொன்னார். 8.11 முதல் 8.20 வரை கல்லடியில் நின்றேன். 8.12, 8.15, 8.19க்கு எடுத்த கோலுக்குப் பதில் இல்லை. பின் பிழை என்பதால் 'வந்துவிட்டேன்' பட்டன் வேலை செய்யவில்லை. என் கோரிக்கை ஒன்று: கென்சல் காரணத்தை 'கஸ்டமரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என மாற்றுங்கள்."

சின்ன வசனம், இலக்கத்தில் நேரம். தமிழில் எழுதுவது மொழிபெயர்ப்புக்குள் போய்த்தான் வாசிக்கப்படுகிறது என்றால் நீட்டி எழுதியது அங்கே உருக்குலைந்துவிடும். முடிந்தால் கீழே ஆங்கிலத்திலும் அதையே போடுங்கள். "உங்கள் ஜிபிஎஸ் பதிவில் பாருங்கள்" என்ற வரிதான் இதில் முக்கியம். அவன் எங்கே நின்றான் என்பதை ஆப் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கிறது, பட்டன்தான் பதியவில்லை.

கோல் பட்டியலை நாளும் நேரமும் தெரிய ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள். 3ஆம் குறுக்கில் எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா? இருந்தால் வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி அங்கிருந்து எடுக்க வேண்டாம். அப்படி அனுப்பினால் போட்டோவுக்குள் இருக்கும் நேரமும் இடமும் அழிந்துவிடும். டொக்கியுமென்டாக அனுப்பினால் அப்படியே இருக்கும். ஆப்பை அழித்துத் திரும்பப் போடவும் வேண்டாம், போனில் மிஞ்சியிருக்கும் பதிவும் போய்விடும்.

காத்தான்குடி_பைக் · ஞாயிறு இரவு 9.10

ஜிபிஎஸ் எண்டதும் ஞாபகம் வந்த. என்ட போனில ஆப் பின்னுக்கு ஓடேக்க லொக்கேஷன் நிண்டிரும். ரோட்டில ஓடிட்டு இரிக்க, மெப்பில ஹோட்டல் வாசலிலேயே நிக்கிற மாதிரி காட்டும். ஒரு ஓடர் கையிலிருந்து எடுத்து வேற ஆளுக்குக் குடுத்திட்டாங்க.

வாவிக்கரை · ஞாயிறு இரவு 9.25

அது போனின் பட்டரி சேமிப்பு. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குப் போய் பட்டரியை "கட்டுப்பாடு இல்லை" என்று வையுங்கள், லொக்கேஷனை "எப்போதும்" என்று வையுங்கள். சில போன்களில் "தானாகத் தொடங்கு" என்று இன்னொரு சுவிட்ச் இருக்கும், அதையும். பவர் சேவர் 20 வீதத்தில் தானாக விழும் போன் என்றால் பைக்கில் சார்ஜர் வேண்டும். இன்னொன்று, டெவலப்பர் ஒப்ஷனில் போலி லொக்கேஷன் ஆப் ஏதாவது தெரிவாகிக் கிடந்தால், பாவிக்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள். அதை மோசடி அடையாளமாக எடுக்கும் ஆப்கள் உண்டு.

கூகிள் மெப் டைம்லைனையும் இன்றைக்கே போட்டு வையுங்கள். அது இப்போது போனுக்குள்ளேதான் சேமிக்கப்படுகிறது, பெக்கப் போடாவிட்டால் போன் மாறும்போது போய்விடும். ஆப்பின் பதிவோடு ஒப்பிட நம்ம கையில் ஒரு பதிவு இருக்கும்.

ஒரு பக்கக் குறிப்பு: காத்தான்குடி ஒழுங்கைகளில் மஃரிபு நேரத்தில் ஓடர் போய்ச் சேர்ந்தால் பத்து பதினைந்து நிமிடம் யாரும் போன் தூக்க மாட்டார்கள். டைமர் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். உடனே கென்சல் அமத்தாமல் இன்னும் ஐந்து நிமிடம் நின்றால் ஒரு கென்சல் மிச்சம்.

கல்முனை_ஓட்டோ · ஞாயிறு இரவு 9.50

நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977க்கு அடிச்சுச் சொல்லுங்க. அவங்க வந்தா கம்பெனி பயப்படும்.

நிலா_அம்பாறை · ஞாயிறு இரவு 10.30

அங்க போனா "நீங்க நுகர்வோர் இல்ல" எண்டு திருப்பி அனுப்பிடுவாங்க. 2003ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பொருள், சேவை வாங்குறவருக்கானது. ரைடர் இங்க சேவை குடுக்கிறவர்.

இந்த 4,350க்குச் சட்டம் வரைக்கும் போகத் தேவையில்ல. ஆனா உண்மையாவே அக்கவுண்டை நிரந்தரமா மூடினவங்க வாசிப்பாங்க எண்டு எழுதுறன். "ஒப்பந்தத்தில சுயாதீனப் பங்காளி எண்டு இருக்கு, அதனால தொழில் நீதிமன்றம் போக ஏலாது" எண்டு நிறையப் பேர் அப்படியே விட்டுடுறாங்க. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில தொழிலாளி எண்டதுக்குத் தந்திருக்கிற விளக்கம் நினைக்கிறதை விட அகலம். சம்பளத்துக்கு வேலை செய்றவர் மட்டுமில்ல, எந்த வேலையையும் தானே நேரில செய்து குடுக்கிற ஒப்பந்தக்காரரும் அந்த வசனத்துக்குள்ள வரலாம். ஆப் ரைடர் அதுக்குள்ள வாறாரா எண்டது வழக்கில வாதாடி நிறுவ வேண்டிய விஷயம், வெல்லும் எண்டு நான் சொல்லல்ல. கதவு பூட்டிக் கிடக்கு எண்டு முன்கூட்டியே முடிவெடுக்காதிங்க எண்டுதான் சொல்றன். விண்ணப்பிக்க 6 மாசம்தான் காலம். அதனால மூடின அறிவித்தலைத் திகதியோட எடுத்து வைங்க.

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் பாருங்க. கையெழுத்து யாரோட? சிலதில இலங்கைக் கம்பெனி, சிலதில வெளிநாட்டில பதிவான கம்பெனி, தகராறு வந்தா எந்த நாட்டு நடுத்தீர்ப்பு எண்டும் பின்னால எழுதியிருக்கும். இலங்கைக் கம்பெனி எண்டா பதிவு முகவரிக்குப் பதிவுத் தபாலில ஒரு கடிதம் போடலாம். சப்போர்ட் டிக்கெட் மாதிரி அதைத் தானாக மூட ஏலாது. துண்டைப் பத்திரமா வைங்க.

@பார்வையாளன் "மெசின் சொன்னா சொன்னதுதான்" எண்டிங்க. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில, தானியங்கி மட்டும் எடுத்த முடிவை மீளப் பாக்கச் சொல்லிக் கேக்கிற உரிமை எழுதியிருக்கு. ஆனா அந்தப் பகுதி 2025 மார்ச் 18 அமுலுக்கு வரும் எண்டு இருந்து, பிறகு ஒத்திப் போட்டாங்க. கடிதத்தில அதைக் காட்ட முன்னம் வர்த்தமானியைப் பாத்திட்டு எழுதுங்க.

பார்வையாளன் · ஞாயிறு இரவு 10.55

எழுதியிருக்கிற எல்லாம் நடக்கிறதெண்டா நாட்டில பிரச்சினையே இல்லையே.

மஞ்சந்தொடுவாய்_01 · வியாழன் இரவு 7.20

நடந்ததைச் சொல்லிட்டுப் போறன். ஞாயிறு இரவே 2,900 கட்டினான். பூட்டு திறக்கல்ல. அவன்ட எல்லை 4,000 போல. திங்கள் ஆட்சேபம் எழுதிட்டு 500 மட்டும் கட்டினான், மறுகா திறந்திட்டு. முழுசாக் கட்டத் தேவைப்படல்ல.

பழைய டிக்கெட்டுக்குள்ள வாவிக்கரை சொன்ன மாதிரி எழுதினதுக்கு இந்த முறை பதில் வர ஒண்டரை நாள் எடுத்திச்சு, வசனமும் வேற. கென்சல் காரணத்தை மாத்திட்டாங்க. காசு விஷயம் "உணவு திரும்ப ஒப்படைக்கப்பட்டதற்கு ஆதாரம் தரவும்" எண்டு நிக்குது. அவனிட்ட ஆதாரம் இல்ல. உண்மையைச் சொல்லி, ஹோட்டல் விலையில பாதியாவது குறைக்கக் கேக்கலாமா, இல்லாட்டி சொன்னா திருட்டு எண்டு எடுப்பாங்களா?

சாய்ந்தமருது_கிச்சன் · வியாழன் இரவு 8.05

இதுக்கு நான் பதில் சொல்லலாம், ஹோட்டல் பக்கம் தெரியும். ஓடர் எடுத்துப் போன பிறகு கென்சலானா பெரும்பாலும் எங்களுக்கு ஆப் காசு தந்திரும். அந்த ஹோட்டலுக்குக் காசு போயிட்டா எண்டு கேட்டுப் பாருங்க. போயிருந்தா நட்டம் ஆப்புக்குத்தான், கடைக்கு இல்ல. திருப்பிக் குடுத்திருந்தாலும் நாங்க அந்தச் சாப்பாட்டைத் திரும்ப விக்க மாட்டம், கொட்டத்தான் வேணும்.

வாவிக்கரை · வியாழன் இரவு 9.00

கிச்சன் சொன்னது நல்ல பிடி. உண்மையைச் சொல்லலாம் என்பதுதான் என் எண்ணம், ஆனால் சொல்லும் விதத்தில்: "ஹோட்டல் மூடியிருக்கும் என்று நினைத்தேன். என்ன செய்வது என்று ஆப்பில் அறிவுறுத்தல் வரவில்லை. சாப்பாடு விற்கப்படவில்லை." பொய்யான பில் எதையும் தயாரித்துக் கொடுக்க வேண்டாம், ஹோட்டலிடம் ஒரு கோல் எடுத்தாலே பிடிபடும். காரணம் மாறிய பிறகு திருட்டு என்று எடுப்பது குறைவு. ஆனாலும் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

நிலா_அம்பாறை · வியாழன் இரவு 9.40

நான் மாத்திச் சொல்றன். கேட்டது ஒப்படைச்ச ஆதாரம். அது இல்ல எண்டு மட்டும் சொல்லுங்க, கேக்காததை எழுத்தில குடுக்காதிங்க. பிறகு கேட்டா மறைக்காதிங்க, அவ்வளவுதான்.

மஞ்சந்தொடுவாய்_01 · வெள்ளி காலை 7.10

ஹோட்டலில கேட்டன், அவங்களுக்குக் காசு வந்திட்டாம், கணக்கில காட்டினாங்க. அந்த ஸ்க்ரீனைப் படம் எடுக்க விட்டாங்க. இதை வெச்சு எழுதப் போறான். இண்டைக்கு ஓட வெளிக்கிட முன்னம் பைக்கில சார்ஜர் பூட்டியாச்சு.